நேற்று குழாய் திறந்திருந்தது

பக்கத்து வீட்டுக்கு ஒரு சிறு குறிப்பு எழுதும்போது நம்மில் பலர் மரியாதையை ஒரே ஒரு சொல்லில் தேடுகிறோம். அந்தச் சொல் "தயவுசெய்து". அதைச் சேர்த்துவிட்டால் குறிப்பு பணிவானதாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. என்னுடைய கருத்து வேறு. தமிழில் மரியாதையின் பெரும்பகுதி வினைச்சொல்லில்தான் இருக்கிறது, அதிலும் குறிப்பாக அந்த வினை காட்டும் காலத்தில் இருக்கிறது. காலம் பிழைத்த குறிப்பில் எத்தனை "தயவுசெய்து" போட்டாலும் அது குற்றச்சாட்டாகவே வாசிக்கப்படும். இதற்கு எங்கள் கினிகத்தேனையிலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன்.

இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளை எங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. அதனால் கினிகத்தேனையில் தண்ணீர்ப் பிரச்சினை என்றால் வெளியூரவர்கள் சிரிப்பார்கள். ஆனால் மலையில் பெய்யும் மழை வேறு, குழாயில் வரும் தண்ணீர் வேறு. எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுவாக 1000 லீற்றர் தாங்கி ஒன்றும், அதற்குக் கீழே முற்றத்தில் குழாய் ஒன்றும் இருக்கின்றன. ஊற்றுத் தண்ணீர் மேலிருந்து குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் தாங்கிக்கு வரும். ஜனவரி முதல் மார்ச் வரை அந்த நேரம் இன்னும் சுருங்கிவிடும். ஒருநாள் காலையில் தாங்கி வெறுமையாக இருந்தது, முற்றத்துக் குழாய் திறந்து கிடந்தது. உம்மா, தரம் 8 இல் படிக்கும் என் தங்கையிடம் அடுத்த வீட்டு அக்காவுக்கு ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். அந்த அக்கா வேலைக்குப் போய் இருட்டிய பிறகே வீட்டுக்கு வருபவர். தங்கை எழுதியது இது:

"அக்கா, நீங்கள் எப்போதும் குழாயை மூடாமல் போகிறீர்கள். நேற்றும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. தாங்கியில் தண்ணீர் முடிகிறது. எங்களுக்குச் சமைக்கத் தண்ணீர் இல்லை. தயவுசெய்து இனிமேல் குழாயை மூடவும்."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. "அக்கா" இருக்கிறது, "நீங்கள்" இருக்கிறது, "தயவுசெய்து" இருக்கிறது. ஆனாலும் கதவிடுக்கில் இப்படி ஒரு தாளைக் கண்டால் யாருக்கும் முகம் சுருங்கும். ஏன் என்பதை வினைச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் தெரியும்.

முதலில் வெளிப்படையான பிழை. "நேற்றும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது" என்பதில் நேற்று என்ற இறந்தகாலச் சொல்லும் நிகழ்கால வினையும் மோதுகின்றன. இலக்கணப் பாடத்தில் இதற்குக் காலவழு என்று பெயர். "நேற்று இரவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது" என்பதே சரி. இது வெறும் இலக்கணத் திருத்தம் என்று நினைக்க வேண்டாம். நிகழ்காலத்தில் சொன்னால் பிரச்சினை இந்த நிமிடத்திலும் தொடர்கிறது என்றாகிவிடும். இறந்தகாலத்தில் சொன்னால் அது நடந்து முடிந்த ஒரு சம்பவமாகச் சுருங்கிவிடும். வாசிப்பவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

"தண்ணீர் முடிகிறது" என்பதும் அப்படித்தான். அது எழுதும்போது குறைந்துகொண்டிருப்பதைக் காட்டும். "முடிந்துவிட்டது" என்றால் இப்போதும் இல்லை என்று பொருள்படும். அக்கா இரவு வந்து தாளை வாசிக்கும்போது தாங்கி மறுபடி நிறைந்திருக்கக்கூடும், அப்போது எழுதியது பொய்போலத் தோன்றும். நாங்கள் காலையில் போய்ப் பார்ப்பதற்கு முன்பே அது காலியாகிவிட்டது என்பதுதான் உண்மை. அதற்கு உரிய வடிவம் "முடிந்திருந்தது". குறிப்பு எழுதும் நேரமும் வாசிக்கும் நேரமும் வேறுவேறு. வாசிக்கும் நேரத்திலும் உண்மையாக நிற்கக்கூடிய வினையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

"தண்ணீர் இல்லை" என்பது இன்னும் நுட்பமானது. "இல்லை" என்ற சொல் தன்னளவில் காலம் காட்டாது. வேறு குறிப்பு எதுவும் இல்லாதபோது வாசிப்பவர் அதை "இப்போது இல்லை" என்றே எடுத்துக்கொள்வார். காலையில் இல்லை என்பதைச் சொல்ல நம் நாட்டு எழுத்து வழக்கில் "இருக்கவில்லை" என்ற வசதியான வடிவம் உண்டு. "காலையில் சமைக்கத் தண்ணீர் இருக்கவில்லை" என்று எழுதினால் நேரமும் தெளிவாகிறது, புகாரின் சூடும் தணிகிறது.

இனி முதல் வாக்கியத்துக்கு வருவோம். மனதைப் புண்படுத்துவது அதுதான். "மூடாமல் போகிறீர்கள்" என்ற நிகழ்காலம், "எப்போதும்" என்ற சொல்லோடு சேரும்போது, ஒரு செயலை ஒரு மனிதரின் குணமாக மாற்றிவிடுகிறது. இதே வேறுபாட்டை எதிர்மறை வினைகளில் இன்னும் தெளிவாகக் காணலாம். "நீங்கள் மூடவில்லை" என்றால் ஒரு தடவை நடந்தது. "நீங்கள் மூடுவதில்லை" என்றால் அது உங்கள் வழக்கம். "நீங்கள் மூட மாட்டீர்கள்" என்றால் சொன்னாலும் கேட்க மாட்டீர்கள் என்று பொருள். மூன்றிலும் "நீங்கள்" ஒன்றுதான், மூன்றிலும் மரியாதைப் பன்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு மனிதரைப் பற்றிப் பேசுகின்றன. நாங்கள் கண்டது ஒரு காலை மட்டும். ஒரு காலையை வைத்துக்கொண்டு ஒருவரின் வழக்கத்தை எழுதுவது பணிவின்மை மட்டுமல்ல, அது உண்மையும் அல்ல.

ஒருவரைப் பன்மையில் குறிப்பிடுவது நெடுங்காலப் பழக்கம். தொல்காப்பியமே அதை வழக்கில் வந்த உயர்சொல் என்று குறிப்பிட்டு, இலக்கண முறைக்கு அப்பாற்பட்டதாகத் தனியே வைக்கிறது. அந்த வழக்கு இன்று நமக்கு விதியாகிவிட்டது. ஆனால் "நீங்கள்" என்பது வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பது போன்றது. செருப்பைக் கழற்றியவர் உள்ளே வந்து என்ன பேசுகிறார் என்பதை வினைதான் தீர்மானிக்கும்.

அடுத்த கேள்வி: குழாயை உண்மையில் யார் திறந்து விட்டது? யாரும் பார்க்கவில்லை. பார்க்காத நிலையில் "நீங்கள்" என்பதை எழுவாயாக வைக்க நமக்கு உரிமை இல்லை. இங்கே தமிழ் நமக்கு ஓர் அருமையான வழியைத் தருகிறது. "குழாய் திறந்திருந்தது" என்று எழுதினால் குழாயின் நிலை மட்டும் சொல்லப்படுகிறது, செய்தவர் வாக்கியத்துக்குள் வருவதே இல்லை. "குழாய் திறந்து விடப்பட்டிருந்தது" என்று செயப்பாட்டுவினையில் எழுதினால், பெயர் இல்லாவிட்டாலும் யாரோ ஒருவர் செய்தார் என்ற நிழல் விழும். பொலிஸ் முறைப்பாடு போலவும் ஒலிக்கும். முதல் வடிவமே நாம் அறிந்ததை அறிந்த அளவுக்குச் சொல்கிறது.

இந்த எச்சரிக்கை எவ்வளவு தேவையானது என்பது சற்று விசாரித்தபோது விளங்கியது. 10 லீற்றர் வாளி ஒன்றை அந்தக் குழாயின் கீழ் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். நிறைய 75 விநாடி எடுத்தது. அப்படியானால் நிமிடத்துக்கு 8 லீற்றர். மேலிருந்து தண்ணீர் வராவிட்டால் 1000 லீற்றர் தாங்கி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் காலியாகிவிடும். அக்கா வேலைக்குப் போவது காலை ஆறரை மணிக்கு. அவர் அப்போது திறந்து விட்டுப் போயிருந்தால் பகல் வீட்டிலிருந்த உம்மாவின் கண்ணுக்கு அது தப்பியிருக்காது. ஆகவே ஓடியது இரவில்தான். முந்திய நாள் மாலை தாங்கியில் தண்ணீர் நின்றிருந்தது. அந்த நேரத்தில் யாரோ ஒருவர் குழாயைத் திருகிப் பார்த்திருக்கிறார். ஒரு சொட்டும் வராததால், திறந்திருக்கிறது என்ற நினைவே இல்லாமல் போயிருக்கிறார். நள்ளிரவில் மேலிருந்து வந்த தண்ணீர் தாங்கியில் தங்காமல் குழாய் வழியே போய்விட்டது. அந்த "யாரோ" எங்கள் இரண்டு வீட்டில் எவராகவும் இருக்கலாம். தண்ணீர் வெட்டப்படும் ஊர்களில் குழாய் திறந்து கிடப்பதற்கு இது மிகச் சாதாரணமான காரணம். மூடிய பிறகும் சொட்டினால் காரணம் வேறு: உள்ளிருக்கும் வோஷர் தேய்ந்திருக்கும். அப்போது எழுத வேண்டிய வினை "திறந்திருந்தது" அல்ல, "ஒழுகுகிறது". அதைக் குறிப்பால் திருத்த முடியாது, பைப் வேலை தெரிந்தவர்தான் வர வேண்டும்.

இன்னொரு விடயத்தையும் நாம் மறக்கக்கூடாது. எங்கள் பகுதியில் பலர் தோட்டத்துப் பீலியில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்கள். பீலிக்கு மூடி கிடையாது. ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டேயிருக்கும், குடம் வைப்பவர் வைப்பார், குளிப்பவர் குளிப்பார். "ஓடிக்கொண்டேயிருக்கும்" என்பது வடிவத்தில் எதிர்காலம். ஆனால் தமிழில் அந்த வடிவம் இயல்பாக நடப்பதையும் சொல்லும். அதில் குற்றம் எதுவும் ஒட்டிக்கொள்ளாது. தண்ணீர் ஓடும் ஒலி பீலிக்கரையில் வளர்ந்த காதுக்கு அபாய ஒலியாகக் கேட்காமல் போவதில் ஆச்சரியம் இல்லை. திருகி மூடும் பழக்கம் தாங்கியோடும் குழாயோடும் பின்னால் வந்தது. இதை அறிந்து எழுதுபவரின் வினைச்சொல் தானாகவே மென்மையாகும்.

"எங்களுக்குச் சமைக்கத் தண்ணீர் இல்லை" என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. "நாங்கள்" என்பது கேட்பவரை வெளியே நிறுத்தும் சொல், "நாம்" என்பது கேட்பவரையும் உள்ளே சேர்க்கும் சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நமக்கு இரண்டு இருக்கின்றன, ஆகவே எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது கவனிக்கப்படும். தாங்கி இரண்டு வீட்டுக்கும் பொது. அது காலியானபோது அக்காவும் காலையில் தண்ணீர் இல்லாமல்தான் வேலைக்குப் போயிருப்பார். "எங்களுக்கு" என்ற சொல் அவரை நட்டமடைந்தவர்களின் பக்கத்திலிருந்து எடுத்து, நட்டம் செய்தவராக எதிரே நிறுத்துகிறது. "நம்முடைய குழாய்" என்று எழுதினால் அவர் நம் பக்கத்தில் நிற்பார்.

கடைசியாக "மூடவும்". காரியாலயக் கதவிலும் பஸ் நிலையச் சுவரிலும் இந்த வடிவத்தைத் தினமும் பார்க்கிறோம். அங்கே அது பொருத்தமானது, ஏனெனில் அது எவரையும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. "அக்கா" என்று அழைத்துவிட்டு "மூடவும்" என்று முடிப்பது, பெயர் சொல்லிக் கூப்பிட்டவருக்கு அறிவித்தல் பலகையைக் காட்டுவது போன்றது. "மூடுங்கள்" அதைவிட நெருக்கமானது, ஆனால் அது கட்டளைதான். "மூடிவிடுங்கள்" என்பதில் "விடு" சேர்ந்து, வேலை சிறியது, சட்டென்று முடிந்துவிடும் என்ற தொனி வருகிறது. "மூடிவிட்டால் நல்லது" என்பது இன்னும் தணிந்தது. கவனியுங்கள், "மூடிவிட்டால்" என்பதன் உள்ளே இருப்பது இறந்தகால வடிவம், ஆனால் அது பேசுவது இனி நடக்கப்போவதைப் பற்றி. இன்னும் நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாக வைத்துப் பார்த்து, அது நல்லது என்கிறோம். யாரும் யாரையும் ஏவவில்லை.

ஆனால் இந்தப் படியில் ஏறிக்கொண்டே போகவும் கூடாது. "தாங்கள் தயைகூர்ந்து குழாயை மூடிவிட்டால் மிகவும் நன்றியுடையவர்களாக இருப்போம்" என்று பக்கத்து வீட்டுக்கு எழுதினால் அது கேலியாகத்தான் படும். தினமும் "அக்கா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்பவர் திடீரென்று "தாங்கள்" என்றால் அங்கே ஏதோ கோபம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு வடிவம் பொருந்துகிறதா என்று அறிய எளிய வழி, எழுதியதை அவர் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதுதான். சொல்ல நாக்குக் கூசினால் அந்த வடிவம் பிழை. நான் தேர்ந்தெடுத்தது தன்மைப் பன்மை எதிர்காலம்: "மூடிவிட்டு வருவோம்". அதில் எழுதியவரும் சேர்ந்தே கட்டுப்படுகிறார்.

இது தமிழுக்கு மட்டும் உரிய விடயமும் அல்ல. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் தமிழும் சிங்களமும் கலந்தே கேட்கும். சிங்களத்தில் "வஹன்ன" என்றால் "மூடுங்கள்", "வஹபன்" என்றால் "மூடடா" என்பது போன்றது. அங்கேயும் மரியாதை வினையின் ஈற்றில்தான் ஒட்டியிருக்கிறது. "கருணாகர" என்ற சொல்லை முன்னால் வைத்துப் பின்னால் "வஹபன்" என்று முடித்தால் எந்தச் சிங்கள அயலவரும் அதைப் பணிவாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இத்தனையும் பார்த்துத் தங்கையும் நானும் திருத்தி எழுதிய குறிப்பு இதுதான்:

"அன்புள்ள அக்கா, நேற்று இரவு நம்முடைய குழாய் திறந்திருந்தது. காலையில் தாங்கியில் தண்ணீர் முடிந்திருந்தது, இரண்டு வீட்டிலும் சமைக்கத் தண்ணீர் இருக்கவில்லை. தண்ணீர் நின்ற நேரத்தில் யாராவது திறந்து பார்த்திருக்கலாம். இனி அப்படித் திறந்து பார்த்தால், நாம் எல்லோரும் திருப்பி மூடிவிட்டு வருவோம். தம்பிமாரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்."

இதில் "தயவுசெய்து" இல்லை. அது தேவைப்படவும் இல்லை. நடந்தது இறந்தகாலத்தில் இருக்கிறது, ஊகம் "கலாம்" என்று ஊகமாகவே இருக்கிறது, செய்ய வேண்டியது எதிர்காலத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியமும் தனக்குரிய காலத்தில் நிற்கிறது.

இப்படி எழுதுவது கோழைத்தனம், உள்ளதை மறைப்பது என்று சில தோழிகள் சொல்லலாம். இல்லை என்பேன். இதே விடயம் மூன்று தடவை நடந்து, நடந்த நாட்களும் நமக்குத் தெரிந்து, யார் என்பதையும் கண்ணால் கண்டிருந்தால், அப்போது "நீங்கள்" என்று எழுதலாம். "இந்த மாதம் மூன்று தடவை நீங்கள் குழாயை மூடாமல் போய்விட்டீர்கள்" என்பது கடுமையானதுதான், ஆனால் அது எண்ணிச் சொன்ன இறந்தகாலம், பதில் சொல்லக்கூடியது. "எப்போதும் மூடாமல் போகிறீர்கள்" என்பதற்கு மட்டும் எவராலும் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாத வாக்கியம்தான் சண்டையைத் தொடக்குகிறது.

இன்னோர் எதிர்வாதம் எங்கள் வீட்டிலேயே வந்தது. உம்மும்மா குறிப்பைக் கேட்டுவிட்டு, "பக்கத்து வீட்டுக்கு என்னத்துக்குக் கடதாசி? போய்ச் சொன்னால் முடிஞ்சது" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நேரே சொல்லும்போது வினை கொஞ்சம் பிசகினாலும் முகமும் குரலும் அதைத் திருத்திவிடும். அக்காவும் வாசலிலிருந்தே "இந்தா மூடிட்டேன்" என்று, இன்னும் மூடாத குழாயைப் பற்றி இறந்தகாலத்தில் பதில் சொல்லியிருப்பார். விரைவு கருதி வரப்போவதை வந்ததாகச் சொல்வதை நன்னூல் காலவழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. பேச்சில் அந்த வழுவும் அன்பாகக் கேட்கும். தாளில் முகம் இல்லை, குரல் இல்லை, அடுத்த நொடியில் திருத்திக்கொள்ளும் வசதியும் இல்லை. ஆகவே நேரில் காணக்கூடியவரிடம் போய்ச் சொல்லுங்கள். காண முடியாதவருக்கு எழுதும்போது, "தயவுசெய்து" எங்கே போடலாம் என்று தேடுவதற்கு முன் வினைச்சொற்களின் கீழ் ஒரு கோடு போட்டு, ஒவ்வொன்றும் எந்தக் காலத்தில் நிற்கிறது, யாரை எழுவாயாக்குகிறது என்று பாருங்கள்.